“அப்புறம்?”: பள்ளிக்கூடத்து முதல் நாளுக்கு ஒரு பாட்டுக் கட்டும் முழுமையான வழிகாட்டி

எல்.கே.ஜி. சேரப்போகும் பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு சின்னப் பாட்டுச் சொல்லச் சொன்னால், நம் வாயில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

அழாதே அழாதே செல்லமே,
அம்மா வருவாள் சீக்கிரமே!

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, பள்ளி வாசலில் அம்மாவின் துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டு வரியும் உதவாது. முதல் வரி, அழுகிற பிள்ளையை அழக் கூடாது என்கிறது. இரண்டாம் வரியிலுள்ள “சீக்கிரம்” எவ்வளவு நேரம் என்று பிள்ளைக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்துக் கதவைப் பார்க்கும், அம்மா இருக்கமாட்டார். பாட்டு பொய்யாகிவிட்டது என்று அதற்குத் தோன்றும். அதன்பின் எத்தனை முறை பாடினாலும் எடுபடாது.

இங்கே நாம் கட்டப்போகும் பாட்டு ஒரு வாக்குறுதி. அதனால் அதில் வரும் ஒவ்வொரு வரியும் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கண்முன் நடந்தே தீர வேண்டும். மழலை வகுப்புப் பிள்ளைகளோடு பழகியவள் என்ற முறையில், அதைக் கட்டும் விதம், வீட்டில் பழக்கும் விதம், வாசலிலும் வகுப்பிலும் சொல்லும் விதம், தவறிப்போனால் சரிசெய்யும் விதம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டு எழுத உட்காரும் முன், பள்ளிக்கு ஒரு நடை போய் வகுப்பு மிஸ்ஸைப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது ஒரு விவரம்: பிள்ளை உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை எது முதலில், எது அடுத்து, எது கடைசியில் நடக்கிறது? மணிக்கணக்கு தேவையில்லை. மூன்று, நான்கு வயதில் கடிகாரம் புரியாது. “பன்னிரண்டரைக்கு வருவேன்” என்பதும் “நாளைக்கு வருவேன்” என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் “சாப்பிட்ட பிறகு”, “கதைக்குப் பிறகு” என்பது நன்றாகவே புரியும். குளித்த பிறகு சட்டை, சட்டைக்குப் பிறகு சாப்பாடு என்று வீட்டில் அந்தப் பிள்ளை வரிசையை வைத்துத்தான் நாளை நடத்திக்கொண்டிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வகுப்பை வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வந்ததும் பாட்டும் ஆட்டமும். அடுத்து, வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த பலகாரம். பிறகு கொஞ்சம் விளையாட்டு, ஒரு கதை. மணி அடித்ததும் வீடு. இவற்றில் தினமும் தவறாமல் நடப்பது எது என்று மிஸ்ஸிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மணல் விளையாட்டு மழை வந்தால் நடக்காது; அதைப் பாட்டில் சேர்க்க வேண்டாம். பாட்டு, டப்பா, கதை, மணி இந்த நான்கும் நடக்கும் என்று மிஸ் சொல்கிறார். நமக்கு அது போதும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிள்ளைகளை எந்த இடத்தில் ஒப்படைப்பார்கள்? வகுப்பு வாசலிலா, வெளி கேட்டிலா, மரத்தடியிலா? நீங்கள் நிற்கப்போகும் அந்த இடம் பாட்டின் கடைசியில் வரும்.

யார் பேசுகிறார், யார் கேட்கிறார்

“அம்மா வருவாங்க” என்று மிஸ் சொன்னால், முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும் செய்தி அது. முதல் நாளில் அந்த மிஸ்ஸை நம்பப் பிள்ளைக்குக் காரணம் எதுவும் இல்லை. “நான் வருவேன்” என்று அம்மாவின் வாயிலிருந்தே வந்தால் அதற்குக் கனம் வேறு. ஆகவே பாட்டு, கூட்டிக்கொண்டு போகிறவர் தன்மையில் பேசுவதாக இருக்க வேண்டும். அப்பா விட்டுவிட்டுப் போகிறார் என்றால் அப்பாவின் “நான்”. பாட்டி என்றால் பாட்டியின் “நான்”.

பிள்ளைக்கும் பாட்டில் பங்கு வேண்டும். நாலு வரியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். தொண்டை அடைத்து நிற்கும்போது அது வராது. விம்மலுக்கு நடுவிலும் சொல்லக்கூடிய ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள். கதை கேட்கும் பிள்ளைகள் எல்லாம் தாமாகவே சொல்கிற சொல் ஒன்று இருக்கிறது: “அப்புறம்?” கடைசி வரி ஒன்றைத் தவிர, பாட்டு முழுவதும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்தான். ஈழத்து வீடுகளில் பிள்ளை “பிறகு?” என்று கேட்கும் என்றால் அதையே வையுங்கள். வீட்டில் புழங்கும் பேச்சுதான் இந்தப் பாட்டுக்கு மொழி. நூல்நடைக்கு இங்கே வேலை இல்லை.

இப்படி வைப்பதில் ஒரு நன்மை உண்டு. “அம்மா வருவியா, அம்மா வருவியா” என்று அந்தப் பிள்ளை எப்படியும் கேட்கப்போகிறது. அந்தக் கேள்விக்குப் பாட்டே ஓர் உருவம் கொடுத்துவிடுகிறது. கேட்கக் கேட்க வரிசை ஒவ்வொரு படியாக நகர்ந்து, அம்மா நிற்கும் இடத்தில் போய் முடிகிறது.

தாளம்

தொடையில் நான்கு தட்டுத் தட்டுங்கள். ஒரு வரி அந்த நான்கு தட்டுக்குள் முடிய வேண்டும். “பாட்டுப் – பாடி – ஆடிடு – வே.” அவ்வளவுதான் நீளம். அதற்கு மேல் போனால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சொல்லும் உங்களுக்கே அன்று குரல் தழுதழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பிள்ளையின் “அப்புறம்?” இரண்டு தட்டு; மிச்சம் இரண்டு தட்டு மௌனம். அந்த மௌனத்தில் பிள்ளை மூச்சை இழுத்துக்கொள்ளும். ஆகவே அதை நிரப்ப வேண்டாம்.

எதுகை, மோனை வந்தால் வரட்டும். வரிகள் ஒரே ஓசையில் முடிந்தால் போதும், பிள்ளைக்கு அடுத்த வரி தானாக நாவில் வந்து நிற்கும்.

வரிகளைக் கட்டுவது

இப்போது எழுதுவோம். எல்லோருக்கும் எளிதாக வரக்கூடியது இது:

பையை மாட்டிப் போகலாம்,
பாட்டுப் பாடி ஆடலாம்,
டப்பா திறந்து தின்னலாம்...

கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இது ஆகாது. “போகலாம், ஆடலாம்” என்று அம்மா சொன்னால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆடப்போகிறோம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். வீட்டில் “கடைக்குப் போகலாம்” என்றால் அம்மாவும் கூட வருவாரே! வகுப்பு வாசலில் அம்மா திரும்பும்போது அந்தப் பிள்ளை ஏமாந்துபோகும். யார் என்ன செய்வார்கள் என்பது பிரிந்து தெரிய வேண்டும்: போவது நான், ஆடுவது நீ, வந்து நிற்பது நான்.

அதனால் முதல் வரியிலேயே பிரிவைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துவிட்டு வேறு எதிலாவது தொடங்கினால் பாட்டு முழுவதுமே பிள்ளைக்குச் சந்தேகமாகிவிடும்.

டாட்டா சொல்லி நான் போவேன்.

அடுத்து, மிஸ் சொன்ன வரிசை. ஒவ்வொன்றும் நான்கு தட்டு.

பாட்டுப் பாடி ஆடிடுவே.
டப்பா இட்லி சாப்பிடுவே.
காக்கா கதையும் கேட்டிடுவே.

இதில் “இட்லி” இருக்கும் இடம் காலியிடம். அன்றன்றைக்கு டப்பாவில் என்ன இருக்கிறதோ அது அங்கே வரும்: டப்பா தோசை, டப்பா பிஸ்கட், டப்பா ஆப்பிள். பிள்ளையையே போடச் சொல்லலாம். டப்பாவைத் திறக்கும்போது பாட்டில் சொன்னதே உள்ளே இருப்பதைப் பார்த்தால், பாட்டு சொல்வது நடக்கிறது என்பதற்கு அதன் கையிலேயே ஒரு சான்று கிடைத்துவிடும். அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளையானால் டப்பா கிடையாது; முட்டை தரும் நாளில் “முட்டை சாதம் சாப்பிடுவே” என்று மாற்றிக்கொள்ளலாம்.

கதை காக்கா கதையாகவே இருக்க வேண்டுமே என்று தோன்றலாம். மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள். முதல் வாரம் ஒரு காக்கா கதை சொல்வது அவருக்குச் சிரமம் இல்லை. முடியாது என்றால் “மிஸ்ஸு கதையும் கேட்டிடுவே” என்று வைத்துவிடுங்கள். எந்தக் கதை சொன்னாலும் பொருந்தும்.

இனி மணி. அதுவரை “வே, வே” என்று முடிந்த ஓசை இங்கே மாற வேண்டும், ஏனென்றால் நாளும் இங்கேதான் திரும்புகிறது.

டிங்டிங் டிங்டிங் மணியடிக்கும்.

கடைசியாக, நீங்கள் நிற்கும் இடம். அதற்குப் பிள்ளையின் பதில், பாட்டிலேயே அது சொல்லும் ஒரே முழு வரி:

வாசல் ஓரம் நான் நிப்பேன்.
ஓடி வந்து கட்டிப்பேன்!

முதல் வரியின் “நான் போவேன்” எந்த ஓசையில் முடிந்ததோ அதே ஓசையில் “நான் நிப்பேன்” வந்து சேர்கிறது. போனவரே வந்து நிற்கிறார் என்பது காதுக்கும் தெரிகிறது. முழுப் பாட்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

அம்மா: டாட்டா சொல்லி நான் போவேன்.
பிள்ளை: அப்புறம்?
அம்மா: பாட்டுப் பாடி ஆடிடுவே.
பிள்ளை: அப்புறம்?
அம்மா: டப்பா இட்லி சாப்பிடுவே.
பிள்ளை: அப்புறம்?
அம்மா: காக்கா கதையும் கேட்டிடுவே.
பிள்ளை: அப்புறம்?
அம்மா: டிங்டிங் டிங்டிங் மணியடிக்கும்.
பிள்ளை: அப்புறம்?
அம்மா: வாசல் ஓரம் நான் நிப்பேன்.
பிள்ளை: ஓடி வந்து கட்டிப்பேன்!

சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

வேனில் வரும் பிள்ளைக்கு வாசலில் அம்மா நிற்கமாட்டார். நிற்பேன் என்று சொல்லவும் கூடாது. மணிக்குப் பிறகு ஒரு வரி கூட்டுங்கள்: “மஞ்சள் வேனில் ஏறிடுவே.” அப்புறம்? “வீட்டு வாசல் நான் நிப்பேன்.” தாத்தா வந்து கூட்டிப்போவார் என்றால் “வாசல் ஓரம் தாத்தா நிப்பார்.” அம்மா வேலையிலிருந்து வர இரவாகும் வீட்டில், தாத்தாவோடு பாட்டை முடித்துவிடுவதுதான் நல்லது. அம்மா வரும் நேரத்தை இந்தப் பாட்டில் இழுத்தால் அது பிள்ளைக்கு எட்டாத தூரம்.

பாட்டில் வரக் கூடாதவை

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். “அழாம இருந்தா அம்மா வருவேன்” என்பது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அப்படியானால் அம்மா வரமாட்டார். பயம் இரண்டு மடங்காகும். அம்மா வருவது எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதில்லை. அழுதாலும் வருவார், டப்பாவைத் தொடாமல் வைத்திருந்தாலும் வருவார், நிக்கரை நனைத்துக்கொண்டாலும் வருவார். ஆகவே பாட்டில் “இருந்தா”, “செஞ்சா” என்ற பேச்சே வரக் கூடாது. “சமத்தா இருக்கணும்” என்பதும் வேண்டாம்.

அதேபோல் “பயப்படாதே” வேண்டாம். பயம் என்ற ஒன்று அங்கே இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். “வரும்போது சாக்லேட் வாங்கி வருவேன்” என்பதும் வேண்டாம். ஒரு நாள் கடை பூட்டியிருந்தால் நீங்கள் வந்து நின்றும் வாக்குத் தவறியதாக ஆகிவிடும். வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் சொல்லாமல் கொடுங்கள்.

வீட்டில் பழக்குவது

பள்ளி திறக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே தொடங்கிவிடலாம். ஆனால் வெறும் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் அது இன்னொரு ரைம்ஸ் ஆகிவிடும். பாட்டு சொன்னது நடந்தது என்ற அனுபவம் வீட்டிலேயே பலமுறை கிடைத்திருக்க வேண்டும்.

சிக்மண்ட் பிராய்ட் தம் ஒன்றரை வயதுப் பேரனின் விளையாட்டு ஒன்றைக் கவனித்து 1920-ல் எழுதினார். நூல் சுற்றிய ஒரு கட்டையைக் குழந்தை கட்டிலுக்கு அப்பால் வீசி மறையவைக்கும். “ஓ” என்று நீட்டிச் சொல்லும். பிறகு நூலைப் பிடித்து இழுத்து, கட்டை தெரிந்ததும் மகிழ்ந்து “இதோ” என்னும். அம்மா போவதையும் வருவதையும் அந்தக் குழந்தை தன் கையாலேயே நடத்திப் பார்ப்பதாக அவர் புரிந்துகொண்டார். வீட்டுப் பழக்கத்தில் நாமும் அதைத்தான் செய்கிறோம்: மறைவதும் வருவதும் முதலில் பிள்ளையின் கைக்குள் இருக்கட்டும்.

முதலில் பொம்மையை வையுங்கள். கரடிப் பொம்மை பள்ளிக்கூடம் போகிறது, பிள்ளைதான் அம்மா. பிள்ளை “டாட்டா சொல்லி நான் போவேன்” என்று சொல்ல, நீங்கள் பொம்மைக் குரலில் “அப்புறம்?” என்று கேளுங்கள். மணிக்கு ஒரு டம்ளரும் ஸ்பூனும் போதும். மணி அடித்ததும் பிள்ளை ஓடி வந்து பொம்மையைக் கட்டிக்கொள்ளும். போகிறவராக விளையாடும்போது, போவது திரும்பி வருவதற்காகத்தான் என்பது அதற்கு உள்ளே இறங்கும்.

இது நன்றாக ஓடிய பிறகு, பிள்ளை கூடத்தில், நீங்கள் அடுக்களையில். பாட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். பாட்டியோ அப்பாவோ ஒரு பாட்டுப் பாடி, ஒரு பிஸ்கட் கொடுத்து, இரண்டு வரிக் கதை சொல்லி, டம்ளரில் மணி அடிக்கட்டும். மணி கேட்டதும் வந்து, சொன்ன இடத்தில் நில்லுங்கள். பிறகு மொட்டைமாடி, பிறகு தெருமுனைக் கடை. நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிவரை மெல்ல நீளலாம். ஒவ்வொரு முறையும் மணி அடித்த பிறகுதான் வர வேண்டும். அழுகிறதே என்று நடுவில் ஓடி வந்தால், மணி அல்ல, அழுகைதான் அம்மாவைக் கூட்டிவரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்த அளவுக்கு அழுகை வருமானால் நேரத்தைக் குறைத்து, மணியை முன்னதாக அடித்துவிடுங்கள்.

இது ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பிள்ளை தானாகவே பிஸ்கட் தட்டோடு கதவுப் பக்கம் போய் நின்று, “மணி அடி” என்று பாட்டியை அவசரப்படுத்தத் தொடங்கும். மணிக்குப் பிறகு என்ன என்பதில் அதற்குச் சந்தேகம் போய்விட்டது என்று பொருள்.

வாசலில்

பள்ளி வாசலில் பிள்ளையின் கண்ணுக்கு நேராகக் குந்தி உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து சொன்னால் பாதி காதில் விழாது. ஒரே முறை பாட்டைச் சொல்லுங்கள். “ஓடி வந்து கட்டிப்பேன்” முடிந்ததும் எழுந்து, பிள்ளையின் கையை மிஸ் கையிலோ ஆயாம்மா கையிலோ கொடுத்துவிட்டு, டாட்டா காட்டிப் போய்விடுங்கள். “இன்னொரு தடவை” என்று கேட்டால், “மணிக்கு அப்புறம் சொல்லலாம்” என்பதே பதில். இரண்டாம் முறை சொன்னால் மூன்றாம் முறையும் உண்டு. பாட்டு பிரிவைத் தள்ளிப்போடும் சாக்காகிவிட்டால் அதன் வேலையே கெட்டுவிடும்.

பிள்ளை வாயே திறக்கவில்லை, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டிருக்கிறது என்றால், “அப்புறம்?” என்பதையும் நீங்களே சொல்லி முடித்துவிட்டுப் போங்கள். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பிடியை விடவில்லை என்றால் நீங்கள் விரல்களைப் பிரிக்காதீர்கள், மிஸ் தூக்கிக்கொள்ளட்டும். அம்மாவே தள்ளிவிட்டார் என்ற நினைப்பு வேண்டாம், மிஸ் எடுத்துக்கொண்டார் என்று இருக்கட்டும்.

பிள்ளை பொம்மையில் கண்வைத்திருக்கும் நேரம் பார்த்து நழுவிவிடலாம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். வேண்டாம். அன்று அழுகை குறைவாக இருக்கலாம். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, மறுநாள் முதல் வீட்டில் குளியலறைக்குக்கூட உங்களைத் தனியாக விடாது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அடங்கத் தொடங்கிய பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டால் பாட்டில் இல்லாத நேரத்தில் நீங்கள் வந்ததாகிவிடும், மறுபடியும் போனதாகவும் ஆகிவிடும்.

வகுப்பில், மிஸ் செய்ய வேண்டியது

பாட்டு பாதி வாசலில் நடக்கிறது என்றால், மீதி வகுப்புக்குள்தான். மிஸ் பாட்டை முழுதாகத் திரும்பப் பாட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் நடந்து முடியும்போது அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, முடிந்ததாகச் சொன்னால் போதும். ஆட்டம் முடிந்ததும்: “பாட்டுப் பாடி ஆடியாச்சு. அப்புறம்?” டப்பா மூடியதும்: “டப்பா இட்லி தின்னாச்சு. அப்புறம்?” இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், கடிகாரம் தெரியாத பிள்ளைக்குப் பாட்டே கடிகாரமாகிறது. அம்மா வர இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வரியை எண்ணித் தெரிந்துகொள்ளும்.

இதற்குத் துணையாக ஒரு நீளமான அட்டையில் ஐந்து படம் வரையலாம்: பாட்டு, டப்பா, காக்கா, மணி, வாசல். பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டி, ஒரு துணி கிளிப்பை மாட்டி, ஒவ்வொன்றும் முடிய முடிய அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். மிக அதிகம் தவிக்கும் பிள்ளையின் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். நடுவில் வந்து “அம்மா எப்போ?” என்று கேட்டால் வாயால் பதில் சொல்ல வேண்டாம், அட்டைக்குக் கூட்டிப்போய்க் கிளிப் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும்.

வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பாடும்போது “அம்மா நிப்பாங்க” என்று பாடிவிடக் கூடாது. அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, அம்மாவே இல்லாத பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை எல்லாம் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கும். கடைசி வரியைக் கேள்வியாக்கிவிடுங்கள்: “வாசல் ஓரம் யார் நிப்பா?” ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வருகிறவர் பெயரைச் சொல்லட்டும்: பாட்டி, அப்பா, சித்தி, ஆட்டோ மாமா. யார் யாருக்கு யார் வருவார்கள் என்ற பட்டியல் அன்று காலையிலேயே மிஸ் கையில் இருக்க வேண்டும். பிள்ளை தவறாகச் சொன்னால் அப்போதே திருத்திவிடலாம்.

விஜயதசமி அன்று சேரும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். ஜூனில் எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். அக்டோபரில் பழகிப்போன வகுப்புக்குள் இது ஒன்று மட்டும் அழும். அதற்குப் பக்கத்தில், பாட்டு தெரிந்த ஒரு பிள்ளையை உட்காரவைத்து “அப்புறம்?” சொல்லவைத்தால், பெரியவர்கள் சொல்வதைவிட அது நன்றாக எடுபடும்.

மணி அடித்த பிறகு

முதல் இரண்டு வாரம் மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். வாசல் ஓரம் என்று சொன்னீர்கள் என்றால் வாசல் ஓரம்தான். வெயிலாக இருக்கிறதே என்று எதிர்க்கடை நிழலில் நிற்காதீர்கள். பிள்ளை வெளியே வந்து முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த், தாய் போகும்போது குழந்தை எப்படி அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் அவரிடம் எப்படிச் சேர்கிறது என்பதையே முக்கியமாகக் கவனித்தார். ஆகவே அந்தச் சில நிமிடங்களைப் போனில் பேசிக்கொண்டே கழித்துவிடாதீர்கள். கட்டிக்கொண்டதும் சொல்ல வேண்டியது ஒன்றே: “நிப்பேன்னு சொன்னேன், நிக்கிறேன் பாரு.” “அழுதியா?” என்று விசாரிக்க வேண்டாம். சில பிள்ளைகள் ஓடி வராமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையிலிருந்து நன்றாக இருந்துவிட்டு உங்களைப் பார்த்ததும் அழுகிற பிள்ளைகளும் உண்டு. பகலெல்லாம் அடக்கிவைத்ததைத் தன் ஆளிடம் வந்து இறக்கிவைக்கிறது. தூக்கிக்கொள்ளுங்கள், போதும்.

தாமதமாகிவிட்டது, பேருந்து கிடைக்கவில்லை. அப்படியானால் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குப் போன் செய்துவிடுங்கள். மிஸ் பாட்டில் ஒரு வரியை நுழைப்பார்: “மிஸ்ஸு பக்கம் உக்காருவே.” அதற்குப் பிறகுதான் வாசல். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சொல்வதைவிட, மணிக்கு முன்பே சொல்லிவிட்டால் அது வரிசையில் இன்னொரு படியாகிவிடும். வந்ததும் நீங்களும், “மணி அடிச்சப்போ நான் வரல, மிஸ்கூட இருந்தே, இப்போ வந்துட்டேன்” என்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுங்கள்.

எடுபடாத நாள்கள்

முதல் நாள் சிரித்துக்கொண்டே போன பிள்ளை மூன்றாம் நாள் அழுதால், பாட்டு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது தினமும் நடக்கப்போகிறது என்று அன்றுதான் அதற்குப் புரிந்திருக்கிறது. திங்கட்கிழமைகளிலும், காய்ச்சலில் படுத்து எழுந்து போகும் நாளிலும் அழுகை திரும்பும். முந்தின மாலை பொம்மையை வைத்து ஒருமுறை விளையாடிவிட்டால் போதும்.

வகுப்பில் கதைக்கும் மணிக்கும் நடுவில் பிள்ளை “அப்புறம், அப்புறம்” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மிஸ் சொன்னால், அந்த இடத்தில் இடைவெளி மிக நீளம் என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டு ஒரு வரி சேருங்கள்: “கையைக் காலைக் கழுவிடுவே.” உங்கள் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்தனுப்புவதும் உதவும்.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் அடங்கிவிடுவார்கள். நான்கு வாரத்துக்கு மேலும் நாள் முழுவதும் அழுகை, வகுப்பில் எதையும் சாப்பிடாமை, தினமும் காலையில் வயிற்றுவலி, இரவில் அலறி எழுவது என்று தொடர்ந்தால், பாட்டை மாற்றிக்கொண்டிருக்காமல் மிஸ்ஸிடம் உட்கார்ந்து பேசுங்கள், குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் பிரிவாகவே இல்லாமலும் இருக்கலாம்.

எப்போது நிறுத்துவது

நிறுத்துவது பிள்ளையின் பொறுப்பு. ஒரு நாள் முதல் வரியோடு உள்ளே ஓடிவிடும், அல்லது “ஓடி வந்து கட்டிப்பேன்” என்று கடைசி வரியை மட்டும் கத்திவிட்டுப் போகும். விட்டுவிடுங்கள், முழுதாகச் சொல்லச் சொல்லி நிறுத்தாதீர்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முந்தின நாள் மட்டும் பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். யு.கே.ஜி.யில் பள்ளி மூன்று மணிவரை நீளும் என்றால், பாட்டும் நீள வேண்டும்: கதைக்குப் பிறகு “சோறும் குழம்பும் சாப்பிடுவே”, அதற்குப் பிறகு “பாயில் கொஞ்சம் தூங்கிடுவே”, பிறகுதான் மணி. பழைய பாட்டையே சொல்லி அனுப்பினால், கதை முடிந்ததும் அந்தப் பிள்ளை மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.